எல்லா வேலைக்கும் பொதுவாக ஐந்தாறு நடத்தைகள்: எதை வைப்பது, எதை விடுவது?

புதுக்குடியிருப்பான் | 05.02.2024

கடையும் வேலைத்தளமும் சேர்த்து நாங்கள் 14 பேர். கிணற்று மோட்டர், குழாய், சொட்டுநீர் பொருத்துவதுதான் தொழில். பொருத்துகிறவர்கள் 5 பேர், கடையில் 3 பேர், களஞ்சியத்துக்கு ஒருவர், கணக்குக்கு ஒரு பிள்ளை, லொறிக்கு ஒருவர், மிச்சம் உதவியாட்கள். சித்திரைக்குப் போனஸ் கொடுக்கும்போது ஒவ்வொரு வருடமும் சண்டை. "அவனுக்கு ஏன் கூட?" இதுதான் கேள்வி. இந்த முறை எல்லாரையும் ஒரே கோலால் அளந்து புள்ளி போடலாம் என்றிருக்கிறேன். ஒரு பயிற்சி வகுப்பில் தந்த தாளில் 40 குணங்கள் இருக்கின்றன. அதில் எந்த ஐந்தாறை எடுப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

உமிச்சாம்பல் | 05.02.2024, இரவு

அந்தத் தாளை மடித்து வையுங்கள். நானும் அப்படி ஒரு தாளில்தான் தொடங்கினேன்.

எங்களுடையது பரந்தன் பக்கம் ஒரு அரிசி ஆலை. நெல் வாங்கி, அவித்து, காயவைத்து, குற்றி, மூடை கட்டி அனுப்புவது வரை 19 பேர். முதல் முறை நான் எடுத்தவை நேர்மை, விசுவாசம், சுறுசுறுப்பு, ஒழுங்கு, ஒத்துழைப்பு, முன்முயற்சி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி. ஒரு மாலை முழுக்க இருந்து போட்டேன். முடிவில் பார்த்தால் ஏறக்குறைய எல்லாருக்கும் எல்லாவற்றிலும் 4. பிடித்தவர்களுக்கு ஓர் இடத்தில் 5, பிடிக்காதவருக்கு ஓர் இடத்தில் 3. அவ்வளவுதான்.

அந்த 3 போனது எங்கள் பொயிலர் அண்ணைக்கு. தாளைப் பார்த்துவிட்டு நேரே வந்து கேட்டார்: "தம்பி, நேர்மைக்கு மூன்று என்று போட்டிருக்கிறியள். மிச்ச இரண்டுக்கு நான் என்னத்தைக் களவெடுத்தனான்?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஒருநாள் அவர் தண்ணீர்மட்டம் குறைந்ததைச் சொல்லாமல் விட்டது என் மனதில் கிடந்திருக்கிறது. அதை "நேர்மை" என்ற பெட்டிக்குள் போட்டுவிட்டேன். அவர் செய்தது ஒன்று, நான் எழுதியது அவருடைய குணத்தைப் பற்றிய தீர்ப்பு. அன்றைக்கே அந்தத் தாளைப் பொயிலர் அடுப்புக்குள் போட்டேன். உமியைவிட நன்றாக எரிந்தது.

மாங்குளம் சந்தி | 06.02.2024

நடத்தை, குணம் என்று ஏன் குழம்புகிறீர்கள்? எண்ணக்கூடியதை எண்ணுங்கள். எத்தனை மோட்டர் பொருத்தினான், எத்தனை நாள் லீவு, எத்தனை மூடை கட்டினான். இலக்கம் பொய் சொல்லாது. சண்டையும் வராது.

உமிச்சாம்பல் | 06.02.2024

பாதி சரி. வரவு, லீவு, மூடைக் கணக்கு எல்லாம் பதிவேட்டில் கிடக்கின்றன. கிடக்கிறதை எடுத்து அப்படியே பாருங்கள். அதற்கு மேல் "வரவு ஒழுங்கு" என்று ஒரு புள்ளி போட்டால் ஒரே விஷயத்தை இரண்டு தரம் எண்ணுகிறோம். இதை நான் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

மற்றப் பாதி சரியில்லை. காலபோக நெல் தை, மாசியில் வரும்போது வெட்டு மெசினிலிருந்து நேரே ஈரத்தோடு வரும். சேமிக்க ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். அந்த வாரங்களில் காயவைக்கிற பெண்கள் எவ்வளவு பாடுபட்டாலும் மூடை குறையும். ஆவணியில் அதே ஆட்கள், அதே களம், மூடை கூடும். இலக்கம் பொய் சொல்லவில்லை, ஆனால் அது சொன்னது வெயிலைப் பற்றி, ஆட்களைப் பற்றியல்ல.

புதுக்குடியிருப்பான் | 06.02.2024

சரி, தாளை மடித்தாயிற்று. அப்புறம் எங்கிருந்து எடுப்பது?

உமிச்சாம்பல் | 07.02.2024

நடந்த சம்பவங்களிலிருந்து. இரண்டாம் முறை நான் செய்தது இது.

எல்லாரிடமும் பழைய பில் புத்தகத்துத் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். கேள்வி இரண்டு. கடந்த மூன்று மாதத்தில் இங்கே யாராவது செய்த ஒன்றைப் பார்த்து "அப்பாடா" என்று இருந்ததா? யாராவது செய்த ஒன்றைப் பார்த்து "ஐயோ" என்று இருந்ததா? ஒரு துண்டில் ஒரு சம்பவம். எங்கே, எப்போது, என்ன செய்தார். பெயர் வேண்டாம், வேலையை மட்டும் எழுதுங்கள். எழுதத் தயங்கியவர்கள் சொல்ல, கணக்குப் பிள்ளை எழுதினாள். பத்து நாளில் 71 துண்டு.

நான்கைந்தை அப்படியே தருகிறேன்.

"லொறி றைவர் படங்கில் கிழிசல் இருக்கு எண்டு ஏத்த முதலே சொன்னார். வேற படங்கு போட்டம். புளியங்குளத்தில மழை."

"நெல் வாங்கப் போனவர் மீற்றரில் 17 காட்டினதை 15 எண்டு எழுதினவர். வாங்கின மூடை புழுத்துப் போச்சு."

"இரவு ஆள் போகும்போது, இரண்டாவது தொட்டி நெல் எத்தனை மணிக்கு ஊறப்போட்டது எண்டு சுவரில எழுதிப்போட்டுப் போறவர்."

"நல்ல பிள்ளை. தங்கமான குணம்."

கடைசியைப் போல 22 துண்டு. அதில் ஒரு செயலும் இல்லை. அவற்றை எடுத்து வைத்தேன். மிஞ்சியது 49.

ஓமந்தை வாத்தி | 07.02.2024

எங்கள் பாடசாலையிலும் நடத்தைக்குப் புள்ளி போடுகிறோம். பிள்ளைகளுக்கு "மிக நன்று, நன்று, திருந்த வேண்டும்" என்று மூன்றே போதும். ஆனால் என் தங்கைக்கு அவள் வேலை செய்யும் இடத்தில் மூன்று வருடமாகச் சம்பள உயர்வு இல்லை. கேட்டால் "உமது மனப்பான்மை சரியில்லை" என்கிறார்களாம். இதற்கு எங்கே பெட்டிசம் போடுவது?

உமிச்சாம்பல் | 07.02.2024

வாத்தியார், கேள்வி பிள்ளைகளைப் பற்றியதல்ல. பெட்டிசத்துக்கு வேறு இழை தொடங்குங்கள். ஆனால் "மனப்பான்மை சரியில்லை" என்று உங்கள் தங்கைக்குச் சொன்னவர் கையில் என் பழைய தாள்தான் இருந்திருக்கும்.

நெளுக்குளம் அக்கா | 09.02.2024

துண்டு சேர்த்தது நல்ல வேலை, தம்பி. நான் கொழும்புப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் ஆளணிப் பகுதியில் 11 வருடம் இருந்தேன். இந்த முறைக்கு வயது நிறைய. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க விமானப் படைக்கு ஆள் தெரிவுசெய்யும்போது, "நல்ல விமானி எப்படிப்பட்டவன்" என்று கேட்பதை விட்டுவிட்டு, பறப்பில் நடந்த குறிப்பான சம்பவங்களைச் சேகரித்தார்கள். அதை முறையாக 1954இல் எழுதியவர் பிளனகன். அதற்கு மேல் ஒரு படி கட்டியவர்கள் ஸ்மித், கெண்டல் என்ற இருவர், 1963இல், தாதிமாரை வைத்து.

அந்த ஒரு படிதான் உங்களுக்குத் தேவை. துண்டுகளை நீங்களே குவியலாகப் பிரித்து நீங்களே பெயர் வைத்தால், உங்கள் மனதில் இருக்கிற கட்டங்கள்தான் வரும். பிரித்த பிறகு எல்லாவற்றையும் திரும்பக் கலக்குங்கள். குவியலின் பெயர்களை மட்டும் வேறு மூன்று பேரிடம் கொடுத்து, "இந்தத் துண்டு எதில் சேரும்?" என்று தனித்தனியே கேளுங்கள். மூவரில் இருவராவது நீங்கள் வைத்த இடத்திலேயே வைத்தால் துண்டு தப்பும். இல்லாவிட்டால் வெளியே. ஒரு குவியலில் பெரும்பாலான துண்டுகள் வேறு வேறு இடத்துக்கு ஓடினால், அந்தப் பெயர் உங்களுக்கு மட்டும் விளங்கும் பெயர்.

உமிச்சாம்பல் | 18.02.2024

அக்கா சொன்னதைச் செய்தேன். முதல் பிரிப்பில் எட்டுக் குவியல் வந்திருந்தது. திரும்பப் பிரிக்கக் கொடுத்தது கணக்குப் பிள்ளை, மூடை கட்டுகிற ஒரு அக்கா, லொறி அண்ணை மூவரிடமும்.

"முன்முயற்சி" என்ற குவியலில் 9 துண்டு வைத்திருந்தேன். எனக்கு மிகப் பிடித்த குவியல் அது. அதற்குத் திரும்பி வந்தது ஒன்றே ஒன்று. படங்குத் துண்டை நான் முன்முயற்சி என்றேன். லொறி அண்ணை அதைக் கோளாறு சொல்வதில் வைத்தார். அக்கா பொருளைப் பேணுவதில் வைத்தா. "முன்முயற்சி எண்டால் என்ன தம்பி? சொல்லாமல் செய்யிறதோ? போன மாசம் சொல்லாமல் செய்ததுக்குத்தானே பேச்சு வாங்கினனான்" என்று அண்ணை கேட்டார். குவியல் கலைந்தது.

"ஒத்துழைப்பு" 8 துண்டு, திரும்பியது 3. மிச்சம் பெரும்பாலும் ஒருவர் வேலையை இன்னொருவரிடம் கொடுக்கும் இடத்தில் நடந்தவை. அப்படியானால் அந்த இடத்தைத்தானே பெயராக வைக்க வேண்டும்?

மற்ற ஆறிலும் சேர்த்து இரண்டே துண்டு இடம் மாறின. 49இல் 34 தப்பியது. குவியல் ஆறு:

கோளாறு தெரிந்ததும் சொல்லுதல். ஒப்புக்கொண்ட நேரத்தைக் காத்தல், முடியாவிட்டால் முன்னரே சொல்லுதல். வேலையை அடுத்தவரிடம் முழுமையாகக் கையளித்தல். பொருளையும் இயந்திரத்தையும் பேணுதல். வெளியாரோடு நடந்துகொள்ளும் விதம். கற்றலும் கற்பித்தலும்.

ஆறு வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

நெளுக்குளம் அக்கா | 18.02.2024

முடியவில்லை. ஒரு கொப்பியில் கட்டம் கீறுங்கள். மேலே ஆறு நடத்தை, பக்கத்தில் எல்லா வேலைகளும். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வேலை செய்கிறவர் அந்த நடத்தையைக் காட்டும் ஒரு காட்சியை எழுதுங்கள். கட்டம் வெறுமையாக நின்றால் அந்த நடத்தை எல்லாருக்கும் பொதுவல்ல.

உமிச்சாம்பல் | 20.02.2024

வெறுமையாக நின்றது "வெளியாரோடு நடந்துகொள்ளும் விதம்". நெல் வாங்குகிறவருக்கு எழுதலாம், கடைகளுக்கு இறக்குகிற லொறிக்கு எழுதலாம், விற்பனை மேசைக்கு எழுதலாம். பொயிலர் அண்ணைக்கு என்ன எழுதுவது? நெருப்போடு மரியாதையாகக் கதைத்தார் என்றா?

விடவும் மனமில்லை. விவசாயி எங்களிடம் திரும்பி வருவதும் வராததும் மேசையில் இருக்கிறவரின் வாயில்தான் இருக்கிறது. அதனால் சொல்லை விரித்தேன். "தன் வேலையின் பயனைப் பெறுபவரின் தேவையை அறிந்து நடத்தல்." இப்படி எழுதினால் பொயிலருக்கும் காயவைக்கும் பெண்கள்தான் "பெறுபவர்". கட்டம் நிரம்பிவிட்டது.

உமிச்சாம்பல் | 24.02.2024

மேலே 20ஆம் திகதி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். விரித்த சொல்லுக்கு உதாரணம் எழுதப் போனால், எழுதுவதெல்லாம் கையளிப்புக்கு ஏற்கெனவே எழுதியதாகவே இருக்கிறது. ஊறிய நேரத்தைச் சுவரில் எழுதிவிட்டுப் போவது இரண்டு கட்டத்திலும் நிற்கிறது. கட்டத்தை நிரப்புவதற்காகச் சொல்லை ஊதினால் பலூன்தான் வரும்.

இப்போது அதைப் பொதுவிலிருந்து எடுத்து, வெளியாரைச் சந்திக்கிற மூன்று வேலைகளுக்கு மட்டும் தனி ஆறாவதாக வைத்தேன். மற்ற வேலைகளுக்கு ஆறாவது வேறு. பொயிலருக்கு ஆறாவது, தண்ணீர்மட்டக் கண்ணாடியையும் அமுக்க மானியையும் குறித்த நேரத்துக்குப் பார்த்துப் பதிவது. ஆக, ஐந்து பொது, ஒன்று சொந்தம்.

மாங்குளம் சந்தி | 24.02.2024

பொது என்று தொடங்கி சொந்தம் என்று முடித்தால் "அவனுக்கு ஏன் கூட" என்பது திரும்ப வராதா?

உமிச்சாம்பல் | 25.02.2024

வரும். போனஸுக்கு ஐந்தை மட்டும் எடுப்போம், ஆறாவது அவரவர் வேலையைப் பற்றிக் கதைக்க மட்டும் என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். இது சரிதானா என்று எனக்கே முழு நிச்சயமில்லை. பொயிலரில் ஆகப் பெரிய ஆபத்தே அந்த ஆறாவதுதான்.

புதுக்குடியிருப்பான் | 26.02.2024

ஒரு நடத்தையை முழுதாக எழுதிக் காட்ட முடியுமா? எனக்குப் பெயர்கள் விளங்குகின்றன, புள்ளி எப்படிப் போடுவது என்று விளங்கவில்லை.

உமிச்சாம்பல் | 27.02.2024

முதலாவதை எடுக்கிறேன். இதில்தான் அதிகம் சறுக்கினேன்.

முதலில் எழுதியது, "கோளாறு தெரிந்ததும் உரியவரிடம் சொல்லுதல்". ஒட்டி இரண்டு நாள் போகவில்லை, காயவைக்கும் களத்திலிருந்து ஒரு பெண் வந்து இன்னொருத்தி போனில் கதைத்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள். அடுத்த நாள் அந்த மற்றவள் வந்து இவளைப் பற்றிச் சொன்னாள். நான் கோளாறு சொல்லச் சொன்னேன், அவர்களுக்குக் கேட்டது கோள் சொல்லச் சொன்னதாக. பிழை என் சொல்லில். அதனால் "தன் வேலையில், தன் கையில் உள்ள பொருளில் கோளாறு தெரிந்தால், அது பெரிதாகும் முன் சொல்லுதல்" என்று மாற்றினேன். "தன்" என்ற சொல் வந்த பிறகு கோள் நின்றது.

இனிப் புள்ளி. 1, 3, 5 மூன்றுக்கும் காட்சி எழுதினேன். 2உம் 4உம் இடைநிலை.

லொறி அண்ணைக்கு: 5 என்றால், படங்கு, ரயர், பிரேக் எதில் குறை கண்டாலும் ஏற்றும் முன்பே சொல்வார், ஏற்றாமல் நிற்கவும் தயங்கமாட்டார். 3 என்றால், கேட்டால் ஒளிக்காமல் சொல்வார், தானாகச் சொல்வது வழியில் தொல்லை வந்த பிறகு. 1 என்றால், நனைந்த மூடையைக் கடைக்காரர் போனில் சொல்லித்தான் நமக்குத் தெரிய வரும்.

கணக்குப் பிள்ளைக்கு: 5 என்றால், விவசாயிக்குக் கூடவோ குறையவோ கொடுத்தது தெரிந்த அன்றே சொல்வாள், எந்தப் பற்றுச்சீட்டு என்று எடுத்தும் வைப்பாள். 3 என்றால், மாதக் கணக்குப் பார்க்கும்போது சொல்வாள். 1 என்றால், காசைப் பேசாமல் தன் கையிலிருந்து போட்டுச் சரிக்கட்டுவாள்.

அந்தக் கடைசி வரி எங்கள் ஆலையில் உண்மையில் நடந்தது. முன்பிருந்த பிள்ளை 2,000 ரூபா குறைந்ததைத் தன் சம்பளத்திலிருந்து போட்டு மறைத்தாள். நேர்மை என்று புள்ளி போட்டால் அவளுக்கு 5 கொடுத்திருப்பேன். ஆனால் குறைந்த காரணம் ஒரு விவசாயிக்குக் கூலியைக் கழிக்காமல் விட்ட பிழை. அது வேறு மூவருக்கும் நடந்திருந்தது. அவள் சொல்லாததால் மூன்று மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம்.

நெல் வாங்குகிறவருக்கு எழுதும்போது மீற்றர் துண்டையே வைத்தேன். 17ஐ 17 என்று எழுதி, "ஈரம் கூட, விலையைக் குறைக்கவா, காயவைத்துக் கொண்டுவரச் சொல்லவா?" என்று அங்கிருந்தே போன் எடுப்பது 5.

மூடை கட்டுகிறவர்களுக்கு: தைக்கப்போகிற மூடையில் கல் கண்டால் நிறுத்திவிட்டுச் சொல்வது 5. அந்த மூடையை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டுத் தொடர்வது 3. தைத்து அனுப்புவது 1.

உமிச்சாம்பல் | 27.02.2024, பின்னர்

ஒன்று விட்டுப்போனது. ஆறு மாதத்தில் ஒருவரின் கையில் கோளாறே வரவில்லை என்றால் 3 போடாதீர்கள். கோடு ஒன்றைப் போட்டு "பார்க்க வாய்ப்பு வரவில்லை" என்று எழுதுங்கள். கூட்டும்போது அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுங்கள். நடுப் புள்ளியைத் தெரியாது என்பதற்குப் பயன்படுத்தினால், தெரியாதவர் எல்லாரும் சுமாரானவர் ஆகிவிடுவார்கள்.

இன்னொன்று, அதிகம் சொல்கிறவரிடம்தான் அதிகம் கோளாறு இருக்கிற மாதிரித் தெரியும். எங்கள் லொறி அண்ணை மாதம் இரண்டு மூன்று தரம் வந்து ஏதாவது சொல்வார். முதல் வருடம் அவரைப் பார்த்தாலே "இனி என்ன செலவோ" என்றுதான் இருக்கும். புள்ளியும் குறைத்திருந்தேன். பக்கத்து ஆலையின் லொறி, கொடிகாமம் தாண்டி ரயர் வெடித்து இரண்டு நாள் நின்றபோதுதான் விளங்கியது.

நெளுக்குளம் அக்கா | 28.02.2024

நல்ல உதாரணங்கள். ஒரு திருத்தம். பிழையைச் சொன்னதற்கு 5 கொடுத்துவிட்டு, அதே பிழைக்குச் சம்பளத்தில் வெட்டினால் அடுத்த மாதம் யாரும் சொல்லமாட்டார்கள். நாங்கள் தொழிற்சாலையில் அப்படித்தான் கெடுத்தோம். தைத்ததில் பிழை என்று தானே கொண்டுவந்து காட்டிய பிள்ளைக்குப் பாராட்டும் கொடுத்தோம், இலக்குத் தவறியதற்கு ஊக்கத்தொகையையும் வெட்டினோம். பிறகு பிழைத் துணிகள் பெட்டியின் அடியில்தான் கிடந்தன.

14 பேருக்கு 5 படி தேவையில்லை என்பதும் என் எண்ணம். 2உம் 4உம் காட்சி இல்லாத புள்ளிகள். அங்கேதான் முகத்தைப் பார்த்துப் போடுவது நடக்கும். மூன்று படி போதும்.

உமிச்சாம்பல் | 28.02.2024

மூன்றில் எனக்கு உடன்பாடில்லை அக்கா. மூன்று வைத்தால் எல்லாரும் நடுவில் குந்திவிடுவார்கள். ஆனால் வாத்தியாரும் அன்றைக்கு மூன்றே போதும் என்றார். இரண்டு பேர் ஆகிவிட்டீர்கள்.

ஓமந்தை வாத்தி | 28.02.2024

பார்த்தீர்களா.

உமிச்சாம்பல் | 10.03.2024

இரண்டு பேர் வைத்துப் பார்க்கிற சோதனை. நானும், களத்தையும் அவிக்கும் பகுதியையும் பார்க்கிற மேற்பார்வை அண்ணையும், ஒரே ஆறு பேருக்குத் தனித்தனியே புள்ளி போட்டோம். ஒருவரை எல்லாவற்றிலும் போட்டுவிட்டு அடுத்தவருக்குப் போகவில்லை. ஒரு நடத்தையை எடுத்து ஆறு பேருக்கும் போட்டுவிட்டு அடுத்த நடத்தைக்குப் போனோம். இல்லாவிட்டால் முதல் 5 மற்றதையும் 5 ஆக இழுத்துவிடும்.

நான்கு நடத்தைகளில் பெரும்பாலும் ஒத்துவந்தது, ஒன்று கூடக்குறைய. "கற்றலும் கற்பித்தலும்" மட்டும் ஆறில் நான்கு பேருக்கு இரண்டு புள்ளிக்கு மேல் வித்தியாசம். இருந்து கதைத்தபோது காரணம் பிடிபட்டது. நான் கற்றுக்கொள்வதைப் பார்த்துப் போட்டிருக்கிறேன், அவர் கற்றுக்கொடுப்பதைப் பார்த்து. ஒரு வரியில் இரண்டு விஷயம். இரண்டையும் ஒருவரே செய்வார் என்பதில்லை. பொயிலர் அண்ணை யாரிடமும் எதுவும் படிக்கமாட்டார், ஆனால் புதுப் பொடியன் ஒருவனை மூன்று வாரத்தில் தேற்றிவிட்டார்.

கற்றுக்கொடுப்பதை வைத்துக்கொண்டேன். துண்டுகளும் அதில்தான் அதிகம். அதற்கு ஒரு பெயர் வேண்டுமே? எளிமையாக இருக்கட்டும் என்று "தெரிந்ததை மற்றவருக்குக் காட்டிக் கொடுத்தல்" என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். முதலில் வாசித்த மூடை கட்டுகிற அக்கா அப்படியே நின்றா. பிறகு மெதுவாக, "தம்பி, இதுக்குப் புள்ளியும் குடுக்கிறியளோ?" என்று கேட்டா. கிழித்தெடுக்க ஓடினேன். வன்னியில் அந்தச் சொல்லை எழுதுகிறவனுக்கு எத்தனை புள்ளி போடுவது? இப்போது "புதியவரைப் பழக்கிவிடுதல்".

புதுக்குடியிருப்பான் | 19.03.2024

எங்கள் கடையில் செய்து பார்த்தேன். நேரம் போதாததால் துண்டு 31 மட்டும். என் ஆறு: சொன்ன நேரத்துக்குப் போதல், வேலையைச் சுத்தமாக முடித்தல், பொருளைக் கணக்கோடு திருப்பிக் கொண்டுவருதல், வாடிக்கையாளரிடம் பணிவு, கோளாறைச் சொல்லுதல், பொறுப்புணர்ச்சி. பார்த்துச் சொல்லுங்கள்.

உமிச்சாம்பல் | 20.03.2024

பொறுப்புணர்ச்சியை எடுங்கள். அதன் கீழ் வைத்த துண்டுகளை உங்கள் கடைப்பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள், மற்ற ஐந்துக்குள் ஓடிவிடும்.

"பணிவு" என்பதும் குணம். குனிந்து நிற்கிறவருக்கு 5 போகும். உங்கள் துண்டுகளில் பொருத்துகிறவர்களைப் பற்றி என்ன இருக்கிறது?

புதுக்குடியிருப்பான் | 20.03.2024

ஒன்று இப்படி: "தண்ணி வந்தவுடன் வெளிக்கிடாமல், வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, மோட்டரை நிப்பாட்டி, அவவையே திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தவர். கிணத்தில தண்ணி வத்தினால் ஓடவிடக் கூடாது எண்டும் சொன்னவர்." அந்த ஆள் ஒருவரோடும் அதிகம் கதைக்கமாட்டார். முகம் எப்போதும் உர்ரென்று இருக்கும். பணிவு என்று பார்த்தால் 2 போட்டிருப்பேன்.

உமிச்சாம்பல் | 20.03.2024

பெயர் அங்கேயே இருக்கிறது. "பெறுபவர் தானே இயக்கும்வரை நின்று காட்டிக் கையளித்தல்." களஞ்சியக்காரருக்கு இது, எந்தக் குழாய் எத்தனை, எந்தப் பொருத்தி குறைவு என்று ஏற்றும்போதே பொருத்துகிறவரோடு சேர்ந்து எண்ணிக் கொடுப்பது. கணக்குப் பிள்ளைக்கு, பற்றுச்சீட்டில் உத்தரவாத மாதத்தை எழுதி வாசித்துக் காட்டிக் கொடுப்பது. மூன்று கட்டமும் ஊதாமல் நிரம்புகிறது. வேலையைச் சுத்தமாக முடிப்பதையும் இதனோடு சேர்க்கலாமா என்று யோசித்தேன், வேண்டாம், தனியாக இருக்கட்டும். கிணற்றடியில் வயரைத் தொங்கவிட்டுப் போவது வேறு பிழை.

மாங்குளம் சந்தி | 21.03.2024

உர்ரென்ற முகத்துக்கும் ஒரு கட்டம் வையுங்கள். நான் அந்தக் கடைக்கு வாடிக்கையாளன்.

நெளுக்குளம் அக்கா | 22.03.2024

ஒன்றைக் கேட்கிறேன். உமிச்சாம்பல் தம்பியின் 71 துண்டில், களத்தில் காயவைக்கிற பெண்களைப் பற்றி எத்தனை?

உமிச்சாம்பல் | 23.03.2024

போய் எண்ணிப் பார்த்தேன். 7 பெண்கள், 9 துண்டு. அதில் 5 "பேசாமல் வேலை செய்யும் பிள்ளை" வகை, முதலிலேயே தூக்கிப்போட்ட 22க்குள் போனவை. பொயிலர் அண்ணை ஒருவரைப் பற்றி மட்டும் 8.

பேசாமல் இருப்பதைத்தான் பார்த்திருக்கிறார்கள், செய்ததைப் பார்க்கவில்லை. மழை இருட்டும்போது நெல்லை எந்தப் பக்கத்திலிருந்து குவித்து மூடுவது என்று தீர்மானிப்பது அவர்கள்தான், ஒருவரும் அதை எழுதவில்லை, நானும் எழுதவில்லை. நாள் கூலிக்காரர் என்பதால் போனஸ் பட்டியலிலும் அவர்கள் இல்லை. கட்டத்தில் அவர்களுக்கு நான் எழுதிய காட்சிகள் மேசையில் இருந்து கற்பனை பண்ணியவை. வைகாசிக்குப் பிறகு அவர்களிடம் மட்டும் திரும்பத் துண்டு கேட்கப்போகிறேன். ஐந்து ஐந்தாகவே நிற்குமா தெரியவில்லை.

புதுக்குடியிருப்பான் | 02.04.2024

போனஸுக்கு இந்த முறை புள்ளியைச் சேர்க்கவில்லை. வழமைபோலக் கொடுத்தேன், வழமைபோலச் சண்டை. மூன்று படியா ஐந்து படியா என்பதை நீங்கள் இருவரும் தீர்த்துவிட்டுச் சொல்லுங்கள். கடையில் ஒரு பிஸ்கட் தகரத்தை வைத்து "அப்பாடா, ஐயோ" என்று எழுதியிருக்கிறேன். ஒரு வாரத்தில் நான்கு துண்டு. மூன்று பொருத்துகிறவர்களைப் பற்றி. நான்காவது: "அவசரத்துக்கு எடுத்தால் முதலாளி போன் எடுக்கிறேல்லை. பிறகு ஏன் சொல்லேல்லை எண்டு பேசுறார்."

உமிச்சாம்பல் | 02.04.2024

அது ஐயோவா, அப்பாடாவா?

புதுக்குடியிருப்பான் | 02.04.2024

ஐயோ.

உமிச்சாம்பல் | 02.04.2024

கட்டத்தில் பக்கவாட்டில் இன்னொரு வரி கீறி "முதலாளி" என்று எழுதுங்கள். 1க்குக் காட்சி கிடைத்துவிட்டது.